வேலை கேட்காமல் பழைய மாணவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி? ஏலக்காய்த் தொழிலை வைத்து ஒரு செய்முறை

குமுளியில் இருக்கும் என் சித்தி மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மலையிறங்கித் தேனிப் பக்கத்துக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். அவளுடைய கல்லூரியில் படித்த ஒருவர் கொச்சியில் மசாலா ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருக்கிறார். அந்தத் தொழிலைப் பற்றி அவரிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. முதல் கடிதத்துக்கு வந்த பதில் ஒரே வரி: “இப்போது இடம் எதுவும் காலி இல்லை, பயோடேட்டாவை எச்.ஆருக்கு அனுப்பவும்.” இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதிய இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அவரே போனில் அழைத்தார். என்ன மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆளைத் தேடுவது கடினமில்லை. லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து `Alumni` என்பதை அழுத்தினால், யார் எந்த ஊரில், எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். ஆனால் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். லிங்க்ட்இன் இணைப்புக் கோரிக்கையில் சில வரிகளுக்கு மேல் இடம் கிடையாது; அந்தச் சில வரிகளில் எதை எழுதினாலும் வேலை கேட்பது போலத்தான் ஒலிக்கும். முன்பின் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் முதல் செய்தி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. துறைத் தலைவரிடம் கேட்டு, அந்தப் பழைய மாணவரின் சம்மதத்தோடு மின்னஞ்சல் முகவரி வாங்குவதே நல்லது. “பேராசிரியர் சொல்லி எழுதுகிறேன்” என்ற வரியும் அதனால் கிடைக்கிறது.

சிக்கலான இடம்: எதற்காகக் கேட்கிறீர்கள்?

முதல் கடிதத்தில் “நான் வேலை கேட்கவில்லை” என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் அதற்கு மேல் வரியில் “உங்கள் துறையில் உள்ள வாய்ப்புகள் குறித்து வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்” என்று எழுதி, பயோடேட்டாவையும் இணைத்திருந்தாள். படிக்கிறவர் எதை நம்புவார்? இணைப்பைத்தான். “வாய்ப்பு”, “வழிகாட்டல்” இரண்டும் வேலை கேட்பவர்கள் வழக்கமாகக் கையாளும் சொற்கள். “இடம் காலி இல்லை” என்று பதில் வந்தால், கடிதம் வேலை விண்ணப்பமாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஆள் ஒதுக்கிவிட்டார் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

வேலை கேட்கவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பிக்கை வராது. நீங்கள் எடுக்கப்போகும் ஒரு முடிவைச் சொல்லுங்கள். அவருடைய பதில் எந்த முடிவுக்கு உதவும் என்று தெரிந்தால், அவர் மனத்தில் இருக்கும் சந்தேகம் தானாகவே போய்விடும். இவளுக்கு உண்மையிலேயே ஒரு முடிவு காத்திருந்தது: எம்.காம். சேர்வதா, ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிய குறுகிய காலப் படிப்பில் சேர்வதா?

கேள்விகளைத் தேர்ந்தெடுத்தல்

இணையத்தில் கிடைப்பதைக் கேட்கக் கூடாது. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, அதிக விலை, சராசரி விலை எல்லாம் ஸ்பைசஸ் போர்டின் தளத்தில் நாள்தோறும் வருகின்றன. “ஏலக்காய்க்கு இப்போது மதிப்பு எப்படி?” என்று கேட்டால், இவள் எதையும் பார்க்காமல் வந்திருக்கிறாள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்குத் தெரிந்தது எங்கே முடிகிறதோ அங்கிருந்து கேளுங்கள். இவளுடைய அப்பா ஏலக்காய் ஸ்டோரில் உலர்த்தும் வேலை பார்க்கிறார். பச்சைக் காய் உலர்ந்து, சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் தனியாகப் பிரிந்து, ஏலத்துக்குப் போவது வரை சிறுவயதிலிருந்தே பார்த்தவள். ஏலத்தில் எடுத்த பிறகு சரக்குக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அந்த எல்லையைக் கடிதத்தில் வெளிப்படையாகச் சொன்னோம். இரண்டு கேள்விகள் போதும். ஐந்தாறு கேள்விகள் இருந்தால் தேர்வுத்தாள் போலத் தோன்றி, பதில் எழுத நேரமில்லை என்று மூடிவைத்துவிடுவார்கள்.

கடிதம் இதுதான்:

> பொருள்: ஏலக்காய் ஏற்றுமதி ஆவண வேலை பற்றி 15 நிமிடம் பேசலாமா? – நம் கல்லூரி மாணவி
>
> வணக்கம் அக்கா,
>
> நம் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். துறைத் தலைவர் சொல்லி எழுதுகிறேன். எங்கள் வீடு குமுளியில். அப்பா ஸ்டோரில் வேலை பார்ப்பதால் காய் ஏலத்துக்குப் போவது வரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடப்பது தெரியாது.
>
> எம்.காம். சேர்வதா, ஏற்றுமதி ஆவணப் படிப்பில் சேர்வதா என்று மே மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்க ஆசை:
>
> ஏலத்தில் வாங்கிய சரக்கில் பூச்சிக்கொல்லி எச்சம் அதிகம் என்று ஆய்வகம் சொன்னால், உங்கள் ஆவண வேலையில் அடுத்து என்ன நடக்கிறது?
>
> ஆவணப் பிரிவில் தொடங்கியவர் பிறகு கொள்முதல் பக்கம் போக முடிகிறதா?
>
> வரும் வாரம் மாலை 6 மணிக்கு மேலோ, ஞாயிறு காலையோ உங்களுக்கு வசதியான நேரத்தில் நானே அழைக்கிறேன். முடியாவிட்டால் இரண்டு வரி பதிலும் போதும்.

பயோடேட்டா இணைக்கவில்லை. வேலை வேண்டும் என்ற பேச்சே கடிதத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எப்போது அனுப்புவது?

ஏலக்காய்த் தொழிலில் இதற்குப் பதில் நாள்காட்டியில் இருக்கிறது. ஆகஸ்டு முதல் ஜனவரி வரை அறுவடை மும்முரம். சரக்கு வந்துகொண்டே இருக்கும். வளைகுடாவுக்கு அனுப்புபவர்களுக்கு ரமலானுக்கு முந்தைய வாரங்களும் நெருக்கடியானவை. இரண்டையும் தவிர்த்து அனுப்பினோம். உங்கள் துறைக்கும் இப்படி ஒரு நெருக்கடிக் காலம் இருக்கும். கணக்குத் தணிக்கையாளருக்கு வருமானவரிக் கெடு எப்போது என்று பாருங்கள்.

பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே இரண்டு வரியில் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பேசும்போது 15 நிமிடம் ஆனதும் நீங்களே சொல்லுங்கள். “தொடரலாம்” என்று அவர் சொன்னால் தொடருங்கள். கடைசியாக, “இதைப் பற்றி வேறு யாரிடம் பேசினால் நல்லது?” என்று கேட்கலாம். “உங்கள் நிறுவனத்தில் இடம் வந்தால் சொல்லுங்கள்” என்பதை வாயைத் திறந்து கேட்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் முழு உரையாடலையும் பழைய கடிதமாக்கிவிடும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த இரண்டு கேள்விகள்

“பேசி முடித்ததும் அவரே பயோடேட்டா அனுப்பச் சொன்னால்?” அனுப்புங்கள், அன்றைக்கே. ஆனால் நன்றிக் கடிதத்தோடு சேர்க்காமல் தனி மின்னஞ்சலாக அனுப்புங்கள். நன்றிக் கடிதத்தில் அவர் சொன்னவற்றில் எது உங்களுக்குப் புதிதாக இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

“எங்கள் பழைய மாணவர் மலையாளி, எந்த மொழியில் எழுதுவது?” நெடுங்கண்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் எழுதி, போனில் மலையாளத்தில் பேசுங்கள். முதல் கடிதத்தில் மேடம், சார் போதும். சேச்சி, சேட்டா என்று அழைப்பதைப் பேசிப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். நீங்கள் சொன்ன அந்த முடிவை எடுத்ததும், என்ன முடிவு, அவர் சொன்ன எந்த விஷயம் அதற்கு உதவியது என்று ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். இவள் ஆவணப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள், அதை எழுதினாள். எம்.காம். சேர்ந்திருந்தாலும் எழுதியிருக்க வேண்டிய கடிதம்தான் அது.