‘சில சிக்கல்கள் நேரலாம்’ என்று எழுதினால் போதாது

பித்தப்பைக் கல்லுக்காக, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையையே எடுக்கும் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் விளக்கம் ஒன்றைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதில் இப்படி இருந்தது: “இரத்தக்கசிவு, தொற்று, பித்தநாளச் சேதம் உள்ளிட்ட சாதக பாதகங்கள் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன. பின்விளைவுகளுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல.”

இதைப் படிக்கும் மகளுக்கோ கணவருக்கோ என்ன தெரியும்? ஏதோ ஆபத்து இருக்கிறது என்பது மட்டும்தான்.

இங்கே முதல் தவறு, எல்லா ஆபத்துகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது. தொப்புள் அருகே தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பதும் பித்தநாளம் வெட்டுப்படுவதும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் சில நாள் மருந்தில் அடங்கிவிடும். பின்னதற்கு இன்னொரு பெரிய அறுவை சிகிச்சையே தேவைப்படலாம். அதனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: எவ்வளவு பேருக்கு வருகிறது, வந்தால் என்ன ஆகும், என்ன செய்வார்கள். திருத்திய வரி இது:

“கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய் அடிபட வாய்ப்பு உண்டு. 1000 பேருக்கு இந்த அறுவை செய்தால் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு இது நடக்கிறது. நடந்தால் மறுபடி அறுவை செய்ய வேண்டி வரலாம். மருத்துவமனையில் பல நாள் தங்க நேரிடலாம். வீட்டுக்குப் போன பிறகு வயிற்றுவலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே வாருங்கள்.”

கடைசி வாக்கியம் குடும்பத்துக்காகவே சேர்த்தது. வீட்டில் அதைக் கவனிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

எண்களில் ஒரு சிறு எச்சரிக்கை. ஒரு ஆபத்துக்கு “200-ல் ஒருவர்”, அடுத்ததற்கு “100-ல் இருவர்” என்று எத்தனை பேரில் என்பதை மாற்றி மாற்றி எழுதினால், 200 என்ற பெரிய எண்ணைப் பார்த்து அதுதான் அதிக ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் 1000 பேரில் என்றே வையுங்கள். ‘அரிதாக’ என்ற சொல்லும் தனியாக நிற்கக் கூடாது. மருத்துவர் நினைக்கும் அரிது வேறு, அம்மாவைப் படுக்கவைத்திருக்கும் மகன் நினைக்கும் அரிது வேறு. அந்த மருத்துவமனையின் சொந்தக் கணக்கு இருந்தால் அதைப் போடுவதே நேர்மை.

அடுத்தது மாற்று வழிகள். பழைய விளக்கத்தில் அந்தப் பகுதியே இல்லை. பல விளக்கங்களில் “வேறு சிகிச்சை இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்த நோய்க்கு அது உண்மையில்லை. வலி நின்றுபோயிருந்தால் வலிமருந்துடனும் கொழுப்புக் குறைந்த உணவுடனும் பொறுத்துப் பார்க்கலாம். சிலருக்குத் திரும்ப வலி வராமலே போகும். பலருக்கு வரும்; சிலருக்குப் பித்தப்பை அழற்சி, மஞ்சள் காமாலை, கணைய அழற்சி என்று முற்றவும் செய்யும். கல்லைக் கரைக்கும் மாத்திரையும் உண்டு, ஆனால் சிலவகைச் சிறு கற்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் கல் மறுபடி உருவாகலாம். இவ்வளவையும் எழுதிய பிறகு, “உங்களுக்கு அறுவையே நல்லது என்று நினைக்கிறோம், காரணம் இது” என்று மருத்துவர் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம். கருத்துச் சொல்வதில் தவறில்லை, மற்ற வழிகளை மறைப்பதுதான் தவறு.

மறுக்கும் உரிமையைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், அதுவும் “பொறுப்பல்ல” என்ற வரியோடு ஒட்டவைப்பது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். படிக்கும்போது அது மிரட்டல் மாதிரி இருக்கிறது. கவனக்குறைவுக்கான பொறுப்பு அப்படி ஒரு வரி எழுதியதால் நீங்கிவிடாது. அதை நீக்கிவிட்டு இப்படி எழுதினேன்: “வேண்டாம் என்று சொல்லலாம். யோசிக்க நேரம் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும்வரை மனதை மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்றாலும் வலிக்கான சிகிச்சையும் கவனிப்பும் நிற்காது.” ‘நிற்காது’ என்ற அந்தச் சொல் இல்லாவிட்டால் பலர் பயந்தே சம்மதிப்பார்கள்.

அப்புறம், முடிவு யாருடையது என்பது. நோயாளி தெளிவாக இருந்தால் அவர்தான் முடிவெடுப்பார். குடும்பம் கூட இருந்து கேட்கலாம், கேள்வி எழுப்பலாம், ஆனால் அவருக்குப் பதிலாக முடிவு சொல்லக் கூடாது. “உங்கள் நோயாளிக்கு” என்று குடும்பத்தை நோக்கி எழுதப்பட்டிருந்த இடங்களை “உங்களுக்கு” என்று மாற்றினேன்.

எழுதி முடித்ததைச் சோதிக்கும்போது “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் ஒரு நோயாளியின் மகனிடம், “ஊரிலிருக்கும் உங்கள் அக்கா போனில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன். “சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுப்பாங்க, சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்” என்றார். உள்ளே நிலைமை சரியில்லாவிட்டால் அப்போதே வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம், அப்போது அம்மாவை எழுப்பிச் சம்மதம் கேட்க முடியாது என்பது அவர் பதிலில் இல்லவே இல்லை. விளக்கத்தில் அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்துக்கு, சின்ன ஓட்டைகளைப் பற்றிய வரிக்கு அடுத்த வரியாகக் கொண்டுவந்தேன்.