விம்பம் F-இல் இல்லை: வில்லைக் கதிர்ப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிக்கும் பிள்ளையிடம் குவிவு வில்லைப் படம் ஒன்று போட்ட டியூட்டை நீட்டி, "விம்பம் எங்கே உண்டாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பென்சில் முனை நேராக, குவியத்தைக் குறிக்கும் F என்ற எழுத்தில் போய் நிற்கும். ஏன் அங்கே என்றால், "சேர், F-லதானே கதிர் எல்லாம் சேருது" என்று பதில் வரும். அட்டனிலும் சரி, பண்டாரவளையிலும் சரி, இந்தப் பதில் மாறுவதில்லை.

அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. வெயில் வந்த நேரம் பூதக்கண்ணாடியால் கடதாசியைச் சுட்டுப் பார்த்திருக்கும். அதே கண்ணாடியைப் பிடித்து, வகுப்பறை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலை மலை தலைகீழாக விழுவதையும் பார்த்திருக்கும். இரண்டிலும் விம்பம் குவியத்தில்தான் விழுகிறது. காரணம், சூரியனும் மலையும் வெகு தூரத்தில் இருக்கின்றன. அவற்றின் ஒரு புள்ளியிலிருந்து வில்லைக்கு வரும் கதிர்கள் ஏறத்தாழச் சமாந்தரமானவை. குவியத்தூரம் 10 செ.மீ. உள்ள வில்லையை எடுத்து, 1 கிலோமீற்றர் தள்ளி நிற்கும் மலையைப் பார்த்தால், விம்பம் F-ஐத் தாண்டி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தூரத்தில்தான் விழும். அதை யாரும் அடிமட்டம் வைத்து அளக்கப் போவதில்லை.

ஆனால் டியூட்டில் இருக்கும் பொருள் மலை அல்ல. வில்லைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மெழுகுதிரி, அல்லது ஓர் அம்புக்குறி. அங்கே விதி இதுதான்: பொருளின் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிய கதிர்கள் வில்லையைக் கடந்த பிறகு எங்கே மறுபடி ஒன்றுசேர்கின்றனவோ, அங்கேதான் அந்தப் புள்ளியின் விம்பம். கதிர் அச்சை எங்கே வெட்டுகிறது என்பது இந்தக் கேள்விக்குத் தேவையே இல்லை.

சரி, ஒரு கணக்கை வரைந்து பார்ப்போம். குவியத்தூரம் 10 செ.மீ. உள்ள குவிவு வில்லை. அதிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ. உயரமான பொருள். சதுரம் போட்ட கொப்பியில் கிடையாக ஒரு சதுரத்துக்கு 5 செ.மீ., நிலைக்குத்தாக ஒரு சதுரத்துக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லைக்கு இரு பக்கமும் இரண்டாவது சதுரத்தில் F வரும். இடப்பக்கம் மூன்றாவது சதுரத்தில், இரண்டு சதுர உயரத்துக்குப் பொருள் நிற்கும்.

பொருளின் உச்சியிலிருந்து முதல் கதிர் அச்சுக்குச் சமாந்தரமாகப் போய், வில்லையில் முறிந்து, வலப்பக்க F வழியாக இறங்கும். இரண்டாவது கதிர் வில்லையின் நடுப்புள்ளி வழியாக வளையாமல் நேரே போகும். மூன்றாவது, இடப்பக்க F வழியாக வந்து வில்லையைத் தொட்டபின் அச்சுக்குச் சமாந்தரமாகப் போகும். இப்போது மூன்றும் அச்சை எங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். ஒன்று வலப்பக்க F-இல், ஒன்று நடுப்புள்ளியில், ஒன்று இடப்பக்க F-இல். மூன்று கதிர், மூன்று இடம். அச்சை வெட்டும் இடம்தான் விம்பம் என்றால் ஒரு பொருளுக்கு மூன்று விம்பம் இருக்க வேண்டும்!

மூன்றும் உண்மையில் சந்திப்பது வில்லைக்கு வலப்பக்கம் ஆறாவது சதுரத்தில், அச்சுக்குக் கீழே நான்கு சதுரத்தில். அது பொருளின் உச்சியுடைய விம்பம். அங்கிருந்து அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் முழு விம்பமும் கிடைத்துவிடும், ஏனென்றால் பொருளின் அடி அச்சில் இருக்கிறது, அதன் விம்பமும் அச்சில்தான் இருக்கும். விடை: வில்லையிலிருந்து 30 செ.மீ., தலைகீழானது, 4 செ.மீ. உயரம், மெய் விம்பம்.

இந்த இடத்தில் சரியாக வரைந்தவர்களும் பரீட்சைப் புள்ளியைக் கோட்டை விடுவது அளவிடையில். கிடைத் திசைக்கும் நிலைக்குத்துத் திசைக்கும் வேறு வேறு அளவிடை வைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. படத்தில் கோணங்கள் மாறித் தெரியும், ஆனால் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், சந்திக்கும் இடமும் மாறாது. வாசிக்கும்போதுதான் கவனம் வேண்டும். நான்கு சதுர உயரத்தைக் கிடை அளவிடையால் பெருக்கி 20 செ.மீ. என்று எழுதிவிட்டு, பொருளின் 2 செ.மீ. உயரத்தால் பிரித்து உருப்பெருக்கம் 10 என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது 2. அப்புறம், தூரத்தை F-இலிருந்தோ பொருளிலிருந்தோ எண்ணக் கூடாது. வில்லையின் நடுக்கோட்டிலிருந்து எண்ண வேண்டும். கதிரை வளைப்பதும் அந்த நடுக்கோட்டில்தான், படத்தில் தெரியும் வளைந்த மேற்பரப்பில் அல்ல.

டியூட்டே நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. போட்டோக் கொப்பி எடுத்த தாளில் படம் சுருங்கியிருக்கும், 15 செ.மீ. என்று எழுதிய நீளம் அடிமட்டத்தில் 4 செ.மீ. கூட வராது. அதனால் தாளில் அளந்த நீளத்தை அப்படியே விடையாக எழுதாமல், படத்தில் குறித்த குவியத்தூரத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். நம் கணக்கில் பொருள் இருப்பது குவியத்தூரத்தின் ஒன்றரை மடங்கில், விம்பம் மூன்று மடங்கில். தாள் எவ்வளவு சுருங்கினாலும் இந்த விகிதம் மாறாது.

இன்னொரு ஏமாற்று, பெட்டியின் ஓரம். பொருள் F-க்கு அருகே வர வர விம்பம் தூரமாகப் போகும். டியூட்டில் இடம் போதாமல் கதிர்கள் சந்திக்கும் முன்பே ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். பிள்ளைகள் அந்த ஓரத்திலேயே விம்பத்தைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு கோடுகளும் இன்னும் நெருங்கிக்கொண்டே இருந்தால், தாளை ஒட்டியாவது நீட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கதிர் நம் கணக்கில் அச்சுக்குக் கீழே நான்கு சதுரத்தில் வில்லையைத் தொட வேண்டும். டியூட்டில் வரைந்த வில்லை மூன்று சதுரத்தோடு முடிந்துவிட்டால்? கதிர் வில்லையில் படவில்லை, ஆகவே விம்பம் இல்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். வில்லையின் கோட்டை மேலும் கீழும் நீட்டி வரைந்துகொள்ளலாம். நாம் வரையும் இரண்டு மூன்று கதிர்கள் இடத்தைக் கண்டுபிடிக்க வசதியானவை, அவ்வளவுதான். உச்சியிலிருந்து எண்ணற்ற கதிர்கள் வில்லையில் விழுகின்றன, எல்லாம் அதே புள்ளிக்குத்தான் போகின்றன. நம்பாவிட்டால் வில்லையில் பாதியைக் கடதாசியால் மறைத்துப் பாருங்கள். சுவரில் விழும் மலை பாதியாகாது. முழு மலையும் மங்கலாகத் தெரியும்.

இனி, கோடுகள் சந்திக்க மறுக்கும் படத்துக்கு வருவோம். அதே வில்லை, அதே 2 செ.மீ. பொருள், ஆனால் தூரம் 6 செ.மீ. மட்டும். பொருள் F-க்கும் வில்லைக்கும் நடுவில். முதல் கதிர் வலப்பக்க F வழியாக இறங்குகிறது, நடுப்புள்ளிக் கதிர் அதைவிடச் செங்குத்தாக இறங்குகிறது. வலப்பக்கம் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. எவ்வளவு நீட்டினாலும் அங்கே சந்திக்காது. இங்கே பின்னோக்கி நீட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதை நீட்டுவது என்பதில்தான் சறுக்கல். வில்லைக்கு வருமுன் இருந்த கதிர்களை நீட்டினால் அவை பொருளின் உச்சியில்தான் சந்திக்கும், அங்கிருந்துதானே கிளம்பின. முறிந்து வெளியேறிய கதிர்களையே இடப்பக்கம் புள்ளிக்கோடாக நீட்ட வேண்டும். அவை வில்லையிலிருந்து 15 செ.மீ. தூரத்தில், அச்சுக்கு மேலே 5 செ.மீ. உயரத்தில் சந்திக்கின்றன. விம்பம் பொருள் இருக்கும் அதே பக்கத்தில், நிமிர்ந்து, இரண்டரை மடங்கு பெரிதாக. அது மாய விம்பம்: அங்கே திரையைப் பிடித்தால் ஒன்றும் விழாது, வலப்பக்கமிருந்து வில்லைக்குள் பார்த்தால்தான் தெரியும். பூதக்கண்ணாடியில் எழுத்தைப் பெரிதாகப் பார்ப்பது இப்படித்தான்.

வரைந்த விடை சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. நியூட்டனின் பெயரால் சொல்லப்படும் தொடர்பு அது: பொருள் தன் பக்கத்து F-இலிருந்து இருக்கும் தூரத்தையும், விம்பம் மற்றைய F-இலிருந்து இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் குவியத்தூரத்தின் வர்க்கம் வரும். நம் முதல் கணக்கில் பொருள் F-இலிருந்து 5 செ.மீ., விம்பம் மற்றைய F-இலிருந்து 20 செ.மீ.; 5 × 20 = 100, அது 10-இன் வர்க்கம். இரண்டாவதில் பொருள் 4 செ.மீ., விம்பம் வலப்பக்க F-இலிருந்து 25 செ.மீ.; மறுபடியும் 100. வரைந்து பெற்ற விடை 90, 110 என்று வந்தால் பென்சில் தடிப்பு என்று விட்டுவிடலாம். 40 வந்தால் ஏதோ ஒரு கதிரைத் தப்பாக வளைத்திருக்கிறீர்கள்.

குழிவு வில்லையில் பெரும்பாலும் தப்பாக வளைவது முதல் கதிர். பழக்கதோஷத்தில் அதை மறுபக்கத்து F நோக்கி இறக்கிவிடுகிறார்கள். குழிவு வில்லையில் அது அச்சைவிட்டு விலகி மேலே போக வேண்டும், அதுவும் பொருள் இருக்கும் பக்கத்து F-இலிருந்து கிளம்பி வந்ததுபோல. ஆகவே முதலில் அந்த F-இலிருந்து வில்லையில் கதிர் படும் புள்ளிக்குப் புள்ளிக்கோடு போடுங்கள், பிறகு அதே நேரில் மறுபக்கம் முழுக்கோடாகத் தொடருங்கள். குவியத்தூரம் 10 செ.மீ., அதே 2 செ.மீ. பொருள் 15 செ.மீ. தூரத்தில் என்றால், இந்தப் புள்ளிக்கோடு நடுப்புள்ளிக் கதிரை வில்லையிலிருந்து 6 செ.மீ. தூரத்தில், 0.8 செ.மீ. உயரத்தில் வெட்டும். ஒன்று புள்ளிக்கோடு, மற்றது முழுக்கோடு என்பதைப் பார்த்து, "பாதி மெய், பாதி மாயம்" என்று எழுதிய விடைத்தாள்களும் உண்டு. சந்திக்கும் கோடுகளில் ஒன்று புள்ளிக்கோடாக இருந்தாலே அது மாய விம்பம்தான். ஒளி அந்த இடத்தில் ஒன்றுசேரவில்லை. குறுக்குவழியைப் போட்டுப் பார்க்கும்போது குழிவு வில்லைக்கு F-கள் இடம் மாறும்: பொருளின் தூரத்தை மறுபக்கத்து F-இலிருந்து அளந்தால் 25 செ.மீ., விம்பத்தின் தூரத்தைப் பொருள் பக்கத்து F-இலிருந்து அளந்தால் 4 செ.மீ. இங்கேயும் 100 வருகிறது.