ஆங்கிலப் பரீட்சைக்கு ஏழு நாள்: எதைப் படிக்க, எதை விட

சாதாரண தர ஆங்கிலப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் செய்யும் தவறு, கட்டுரைகளை முழுசாக மனப்பாடம் செய்வதுதான். தலவாக்கலைப் பக்கத்திலிருந்து என்னிடம் படிக்க வந்த பிள்ளை ஒருத்தி, பன்னிரண்டு கட்டுரைகளைக் கொப்பியில் எழுதி வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சுற்றுலா பற்றிய கட்டுரை ஒரு சொல் தவறாமல் வந்தது. "சுற்றுலா போய் வந்ததை நண்பிக்குக் கடிதமா எழுது" என்றதும் பேனா நின்றுவிட்டது.

அவள் முன்பு சொந்தமாக எழுதிய மூன்று கடிதங்களை எடுத்து, பிழைகளைச் சிவப்பில் கோடிட்டோம். மொத்தம் பதினான்கு. அதில் ஒன்பது ஒரே பிழை: 'மை மதர் கோஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மை மதர் கோ'. தமிழில் வினையின் முடிவே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒரு 'எஸ்'தான் காட்டுகிறது, அதனால் காதுக்கு அது விடுபட்டதே தெரியாது. இரண்டு மாலை அதை மட்டும் பார்த்தோம். அம்மா காலையில் எழுந்து கொழுந்து பறிக்கப் போவது வரை பத்து வாக்கியம் எழுதி, ஒவ்வொரு வினையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த கடிதத்தில் அந்தப் பிழை இரண்டுதான்.

ஆகவே உங்கள் பழைய கொப்பியைத் திறந்து, அதிகம் திரும்பி வரும் இரண்டு பிழைகளைத் தேடுங்கள். இந்த வாரத்துக்கு அது போதும். கடிதத்தில் முகவரியும் திகதியும் எங்கே வரும் என்பதை ஒருமுறை எழுதிப் பாருங்கள், பதினைந்து நிமிட வேலை. வரைபட விவரணைக்கு நான்கு படி: எதைப் பற்றியது, எது அதிகம், எது குறைவு, எவை இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

இதுவரை புரியாத 'ரிப்போட்டட் ஸ்பீச்'சை விட்டுவிடலாம். ஏழு நாளில் அது தெளிவதைவிட, தெரிந்த காலங்களையும் சேர்த்துக் குழப்பும். புதிய சொற்பட்டியலும் வேண்டாம்.

இன்னொரு தவறு, இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பது. லயத்து அறையில் லைட் எரிந்தால் வீட்டிலுள்ள யாருக்கும் தூக்கமில்லை. பத்து மணிக்குப் படுத்து, விடியற்காலையில் சமைக்க அம்மா எழும்போது கூடவே எழுந்துவிடுங்கள். லைட் எப்படியும் எரியும், தலையும் தெளிவாக இருக்கும். இரண்டாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம், 200 சொல் கட்டுரை அதன் கடைசியில்தான் வருகிறது. தூங்காத பிள்ளைக்குக் கை தளர்வது சரியாக அந்த இடத்தில். நான் திருத்திய மாதிரித் தாள்களில் அந்தப் பக்கம் பாதியில் நிற்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குக் கொப்பியை மூடி, அடையாள அட்டை, அனுமதி அட்டை, இரண்டு பேனா, குடை ஆகியவற்றைப் பையில் வைத்துவிடுங்கள். பரீட்சை நிலையம் டவுனில் என்றால், காலையில் முதல் பஸ் தவறினால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே கேட்டு வையுங்கள்.