கோல்டு காபி ஏன் தண்ணீராகப் பிரிகிறது, ஏன் கரகரக்கிறது?

வீட்டில் ஐஸ் போட்டு அடிக்கும் கோல்டு காபியில் எல்லோரும் சொல்லும் குறை இரண்டுதான். ஊற்றி வைத்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் அடியில் பழுப்புத் தண்ணீர் தனியாக இறங்கிவிடுகிறது, மேலே வெளுத்த ஐஸ் மிதக்கிறது. இல்லையென்றால் வாயில் வைத்ததும் நறநறவென்று கடிபடுகிறது. தண்ணியாக இருந்தால் இன்னும் நாலு ஐஸ் போடுகிறோம், கடிபட்டால் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றுகிறோம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கிளப்பிவிடுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று தெரிந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

தண்டையார்பேட்டையில் என் அண்ணி வீட்டில் மே மாதம் முழுக்க இதே பாடு. "கடையில குடிச்சா கெட்டியா இருக்கு தம்பி, நான் அடிச்சா மட்டும் மோர் மாதிரி ஆயிடுது" என்றார். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபில்டரில் அப்போதுதான் இறங்கிய டிகாக்ஷன் 60 மில்லி, காலையில் காய்ச்சி மேடையிலேயே இருந்த பால் 90 மில்லி, 150 கிராம் ஐஸ். அளவில் ஒரு தப்பும் இல்லை. தப்பு சூட்டில் இருந்தது.

ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு மில்லி திரவம் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு கலோரி வெளியே வரும். டிகாக்ஷன் 70 டிகிரி, பால் 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வருவதற்குள் 7,000 கலோரிக்கு மேல் ஐஸ் மீது இறங்குகிறது. ஃப்ரீசரிலிருந்து வந்த ஐஸின் சொந்தக் குளிர்ச்சி அதில் கொஞ்சத்தைத் தாங்கும். மிச்சச் சூட்டுக்கு 70 கிராம் ஐஸ், கிட்டத்தட்டப் போட்டதில் பாதி, தண்ணீராகிவிடும். டிகாக்ஷனை ஆறவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆறிய டிகாக்ஷன் என்றால் நம் ஊர் சமையலறையில் அதுவும் 32 டிகிரிதான். அப்போதும் 40 கிராமுக்கு மேல் உருகும். பாலும் டிகாக்ஷனும் ஃப்ரிட்ஜில் கிடந்து 6 டிகிரிக்கு வந்திருந்தால்தான், அவற்றின் சூட்டால் உருகுவது இல்லை என்றே சொல்லலாம்.

ஆகவே பிரிதலுக்கு முதல் காரணம், அடிப்பதற்கு முன்னாலேயே கலந்துவிட்ட தண்ணீர். டிகாக்ஷன் சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள், குளிர்ந்த பாலில் அது சட்டென்று கரையாது. அப்புறம் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, குறைந்தது இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முந்தின ராத்திரியே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. முதல் டிகாக்ஷன் மட்டும் எடுங்கள். இரண்டாவது டிகாக்ஷனை ஊற்றினால் அது தண்ணீரை ஊற்றுவது போலத்தான். மிக்சி ஜாரையும் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைப்பது வீண் வேலை இல்லை. காலையில் சட்னி அரைத்த ஜார் வெந்நீரில் கழுவிய சூட்டோடு இருக்கும்.

சூட்டைச் சரிசெய்த பிறகும் கொஞ்சம் பிரியும். ஐஸ் தண்ணீரைவிட லேசானது, மிதக்கத்தான் பார்க்கும். அதை இருந்த இடத்திலேயே பிடித்து வைக்க, சுற்றியுள்ள திரவம் கெட்டியாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் போடும் பொடிக் கலவையில் சர்க்கரை, பால் திடப்பொருளோடு சாந்தன் கம், குவார் கம் போன்ற பசைகள் இருப்பது இதற்காகத்தான். வீட்டில் ஒரு கிளாசுக்குக் கோபுரமாக ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர் போட்டாலே வித்தியாசம் தெரியும். ஆவின் நீல பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு பாக்கெட்டில் 6. இதற்கு ஆரஞ்சுதான் என் தேர்வு. சாந்தன் கம் கிடைத்தால் ஒரே ஒரு சிட்டிகை. கேக் சாமான் விற்கும் கடைகளில் இருக்கும். அதைத் தனியாகப் பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக நின்றுவிடும். பால் பவுடரோடு வறட்டுக் கலவையாகக் கலந்து, ஐஸ் போடுவதற்கு முன்பே பால், டிகாக்ஷனோடு பத்து நொடி அடித்துக்கொள்ள வேண்டும். சிட்டிகை இரண்டானால் காபி கொழகொழவென்று நூல் இழுக்கும்.

சர்க்கரையை அரைக் கரண்டியாகக் குறைத்தால் காபி கரகரப்பாவதும் இதே கணக்கில்தான் வருகிறது. சர்க்கரை இனிப்போடு, திரவம் முழுக்க உறையாமலும் பார்த்துக்கொள்கிறது. ஒரு கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்பது இந்தப் பானத்துக்கு அதிகம் இல்லை. சர்க்கரை கூடாதவர்கள் பால் பவுடரையும் சாந்தன் கம்மையும் நம்பலாம், ஆனால் அதே வழவழப்பு வராது.

இனி ஐஸ். ட்ரேயில் உறைந்த பெரிய கட்டியை அப்படியே போட்டால் நம் வீட்டு மிக்சி பிளேடு அதைச் சுவரில் தூக்கி அடிக்கும். பாதி தூளாகும், பாதி சுண்டைக்காய் அளவில் நிற்கும். அந்தத் துண்டுகள்தான் பல்லில் படுகின்றன. சுத்தமான துணியில் கட்டிக் குழவியால் நாலு தட்டு தட்டிப் போடுங்கள். ஒரு கிளாசுக்குப் பெரிய ஜாரை எடுக்காமல் நடு ஜாரை எடுங்கள். பெரிய ஜாரில் சரக்கு பிளேடுக்கு மேலே பரவி, திரும்பி இறங்காது. திரவம் முதலில், ஐஸ் மேலே. மூன்று மூன்று நொடியாக விட்டு விட்டு ஐந்தாறு தடவை ஓட்டி, பிறகு ஒரே ஓட்டமாக 15 நொடி. முதலில் கடகடவென்று கேட்கும் சத்தம் ஒரே சீராக மாறும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் மழமழப்பாகட்டும் என்று ஒரு நிமிடம் ஓட்டினால் பிளேடின் உராய்விலேயே ஐஸ் உருகி, மறுபடி தண்ணீர் கதைதான்.

இதைவிட நல்ல வழி, ஐஸில் பாதியைக் காபியாலேயே செய்வது. சர்க்கரை போட்ட டிகாக்ஷனும் பாலும் கலந்து ட்ரேயில் ஊற்றி உறையவிடுங்கள். சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதால் அந்தக் கட்டி மிருதுவாகவே இருக்கும், பிளேடுக்குச் சுலபமாக மசியும், உருகினாலும் காபிதான் உருகும். மொத்தத்தையும் அப்படிச் செய்தால் ஜாரில் களியாக இறுகி பிளேடு வெறுமனே சுற்றும். 75 கிராம் காபிக் கட்டி, 75 கிராம் சாதாரண ஐஸ் என்பது அண்ணிக்குச் சரியாக வந்தது. இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கிய மீன் இருக்கும் ஃப்ரீசரில் ட்ரேயை மூடாமல் வைத்தால், ஐஸ் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். மூடி இல்லாத ட்ரே என்றால் கவரில் போட்டுக் கட்டி வையுங்கள்.

விருந்தாளி வருகிறார்கள் என்று முன்கூட்டியே அடித்து ஃப்ரீசரில் வைப்பவர்கள் உண்டு. அங்கே அது மெதுவாக உறையும்போது ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து, எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் சொரசொரப்பாகிவிடும். மீந்ததை ட்ரேயில் ஊற்றிக் கட்டியாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது அந்தக் கட்டிகளோடு இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் சேர்த்து மறுபடி அடித்தால் போதும், புதிதாக ஐஸ் வேண்டாம்.