முகப்பிலேயே நின்றுவிடும் கதைகள்

காரைக்குடியில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் சிலர் கூடி, எழுதியதை வாசித்துக் கேட்கிறோம். புதிதாக எழுத வருகிறவர் கதையைப் பிரித்தாலே எனக்குக் கொஞ்சம் சங்கடம். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் எங்கே சறுக்கினேனோ, அங்கேயே சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, தேய்ந்துபோன உவமை இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எழுத எழுத அதெல்லாம் போய்விடும். கதையின் பின்னணியை எங்கே வைப்பது என்பது மட்டும் தானாக வருவதில்லை. எனக்கு வரவில்லை.

தூணைத் தொட்டதும் வரலாறு

இதைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வருகிறது, காரணம் இது என் சொந்தத் தவறு. ஊருக்கு வருகிறான் ஒருவன். பூட்டைத் திறக்கிறான். தேக்குத் தூணில் கை வைக்கிறான். அவ்வளவுதான், கதை நின்றுவிடும். என் பழைய கதையில் இப்படி எழுதியிருந்தேன்:

"சொக்கலிங்கம் தூணைத் தொட்டான். ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது ஐயா எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். அவர் மகனுக்குப் பிள்ளை இல்லாததால் சொக்கலிங்கத்தை ஒன்பது வயதில் பிள்ளை கூட்டி வந்தார்கள்..."

இப்படியே நான்கு பக்கம். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: "புரோக்கர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்."

நிஜம்தான். தூண்களை விலை பேச வந்தவரை முதல் பக்கத்தில் முகப்பில் நிறுத்தியிருந்தேன். ஐந்தாம் பக்கம் வரை அவரை உள்ளே கூப்பிடவே இல்லை.

இதில் இரண்டு கோளாறு. ஒன்று, வாசகர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறோம். சொக்கலிங்கம் தத்துப்பிள்ளை, எங்கள் பேச்சில் பிள்ளை கூட்டி வந்தவன், என்பது கதையின் உயிர். அதைச் சுண்ணாம்புக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் பக்கத்தில் அதே கனத்தில் வைத்தால் அதுவும் ஒரு கல்லாகிவிடும். இரண்டு, ஒன்பது வயதிலிருந்து பார்த்த தூணைத் தொட்டு யாரும் வரலாறு நினைப்பதில்லை. கரையான் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இந்தத் தவறு நம் கதையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்தப் பக்கங்களைக் கையால் மூடிவிட்டு அடுத்த காட்சியைப் படியுங்கள். புரிகிறதா? அப்படியென்றால் மூடிய பக்கங்கள் அங்கே தேவையில்லை.

நான் திருத்தியது இப்படி. அந்த நான்கு பக்கத்தில் இருந்த செய்திகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். பதினொன்று வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது தெரியாவிட்டால் எந்தக் காட்சி புரியாமல் போகும் என்று எழுதப் பார்த்தேன். ஏழுக்கு எதுவும் எழுத முடியவில்லை. முட்டை வெள்ளைக்கரு அந்த ஏழில் ஒன்று. எடுக்க மனசே இல்லை, எடுத்தேன். மீதி நான்கு: தூண்களுக்கு நல்ல விலை உண்டு, வீட்டில் பங்காளிகளுக்கும் பங்கு உண்டு, சாவிகள் அத்தையிடம் இருக்கின்றன, அவன் பிள்ளை கூட்டி வந்தவன்.

தூண் விஷயம் சுலபமாகவே முடிந்தது. புரோக்கர் தட்டிப் பார்க்கிறார். "பர்மாத் தேக்குங்க. ஓரத்துல ஒரு கீறல் போட்டுப் பாத்துக்கலாமா?" என்கிறார். மரம் எங்கிருந்து வந்தது என்ற செய்தி கத்தியோடு சேர்ந்தே வந்துவிட்டது.

கடைசிச் செய்தியை மூன்றாக உடைத்தேன். முதலில் இரண்டாங்கட்டு அறைப் பூட்டு. சொக்கலிங்கம் ஐந்து சாவி போட்டுப் பார்க்கிறான், திறக்கவில்லை. அத்தை கொத்தை வாங்கி, பார்க்காமலே ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். வாசகருக்கு இப்போது ஒரு சின்ன நெருடல் மட்டும்: சொந்த வீட்டுச் சாவி இவனுக்குத் தெரியாதா?

அடுத்தது பாத்திரம். எங்கள் பக்கம் பாத்திரங்களில் பெயரெழுத்து வெட்டியிருப்பார்கள்.

புரோக்கர் ஒரு சொம்பைத் திருப்பிப் பார்த்தார். "இதுல மட்டும் எழுத்து வேறயா இருக்கே?"

சொக்கலிங்கம் எதுவும் சொல்லவில்லை. அத்தை அதை வாங்கி முந்தானையால் துடைத்தார்.

"அது நீ வரும்போது கொண்டுவந்ததுப்பா. அதை விக்கிற கணக்குல சேக்காதே."

"வரும்போது" என்ற ஒரு சொல் போதும். நிமிர்ந்து உட்காருகிறவர் உட்காருவார். தவறவிட்டவருக்கும் மூன்றாவது இடம் இருக்கிறது: பங்கு பேச வந்த பங்காளி ஒருவர், "பிள்ளை கூட்டுனதுக்கு எழுத்து இருக்கா?" என்று கேட்கிறார். அந்த நேரத்தில் வாசகருக்கே அந்த எழுத்துப் பத்திரம் வேண்டும். நான்கு பக்கம் பதினைந்து வரியானது, புரோக்கரும் உள்ளே வந்தார்.

தெரிந்தவரிடமே சொல்ல வைப்பது

விளக்கத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் அது உரையாடல் ஆகிவிடாது. "உனக்குத்தான் தெரியுமே, நம்ம ஐயா 1942-ல் பர்மாவிலிருந்து வந்தார்" என்று அண்ணன் தம்பியிடம் சொல்வதாக ஒருவர் வாசித்தார். அவனுக்குத்தான் தெரியுமே, பிறகு எதற்குச் சொல்கிறார்?

இருவரையும் அந்தச் செய்தியில் முரண்பட வையுங்கள் என்றேன். மறு மாதம் மாற்றிக்கொண்டு வந்தார். ஐயா இம்பால் வழியாக மலையேறி நடந்து வந்தார், கையில் ஒன்றும் இல்லை என்கிறார் அண்ணன். இல்லை, அக்யாபில் கப்பல் ஏறினார், ஒரு பெட்டி கூட வந்தது என்கிறான் தம்பி. அந்த வருஷம் இரண்டு வழியிலும் ஆட்கள் தப்பி வந்தார்கள், அதனால் இரண்டும் நம்பக்கூடியதுதான். சண்டை பெட்டிக்காக. பர்மா வரலாறு அந்தச் சண்டைக்குள்ளேயே வாசகரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வளவு என்றால் என்ன என்று நிறுத்தி விளக்குவது

மழை பெய்யட்டும். வளவு நனையட்டும். புரிந்துவிடும்.

கனவில் பழங்கதை

வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒளிப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. சூடுபட்டவர்கள் அடுத்து இங்கேதான் விழுவார்கள், நானும் விழுந்தேன். திருத்திய கதையில், பிள்ளை கூட்டிய விஷயத்தைக் கடைசி வரியில் வெடிக்க வைக்கலாம் என்று பங்காளி கேட்கிற காட்சியைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். படித்துப் பார்த்த என் அக்கா, "நடுவுல அந்த ஆளு ஏன் பேசாம பேசாம இருக்கான்? எனக்கு அவன் மேல கோபம்தான் வந்துச்சு" என்றார்.

சொக்கலிங்கத்துக்குத் தெரிந்தது, அத்தைக்குத் தெரிந்தது, பங்காளிகளுக்குத் தெரிந்தது. வாசகருக்கு மட்டும் தெரியாமல் வைத்திருந்தேன். கதை அவன் மனசுக்குள் இருந்தே சொல்லப்படுகிறது, அந்த மனசு மட்டும் அதை நினைக்காமல் இருப்பது கள்ளத்தனம். அவன் மௌனத்துக்குக் காரணம் தெரிந்தால்தான் வலி தெரியும்.

ஆகவே பங்காளி கேட்கிற காட்சியைக் கடைசியிலிருந்து எடுத்து, சொம்புக்கு அடுத்த பக்கத்தில் வைத்தேன். சில செய்திகளை நேராகவே சொல்லலாம், ஒரு வாக்கியத்தில். அவர் கேட்டதும், "ஒன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன், எழுத்து எதுவும் நான் பார்த்ததில்லை" என்று சொக்கலிங்கமே சொல்லிவிடுகிறான். சொம்பு மட்டும் கடைசி வரை கூடத்திலேயே இருக்கிறது, கணக்கில் சேராமல்.