காண்ட்ராக்ட் நோட்டில் எந்தக் கட்டணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

வேளச்சேரியில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வுபெற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கி வருகிறார். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் தரகர் அனுப்பும் பில்தான் காண்ட்ராக்ட் நோட். "நோட்டில் ஒரு தொகை, கணக்கில் அதைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறான்" என்று அவர் கேட்டபோது, உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. காண்ட்ராக்ட் நோட்டைத் திறங்கள்

பங்கு வாங்கிய அல்லது விற்ற 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் பிடிஎஃப் வரும். பெரும்பாலும் பான் எண்தான் கடவுச்சொல். கைப்பேசியில் பார்க்காதீர்கள். அகலமான அட்டவணை என்பதால் முக்கியமான பத்திகள் கண்ணில் படாது. லேப்டாப்பில் திறப்பதுதான் நல்லது.

2. தரகுக் கட்டணத்தைக் கண்டுபிடியுங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான். கட்டணம் எல்லாம் கீழே இருக்கும் என்று நினைத்து அங்கே தேடுவோம். ஆனால் தரகு பெரும்பாலும் மேலே, ஒவ்வொரு பங்கின் விலையோடும் சேர்ந்து நிற்கும்.

சித்தப்பாவின் நோட்டையே போன்ற ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 ரூபாய் விலையில் 200 பங்கு, டெலிவரி, அதாவது அன்றே விற்றுவிடாமல் கணக்கில் வைத்துக்கொள்வது. தரகு 0.3 சதவீதம். பங்கு ஒன்றுக்கு 30 காசு தரகு, ஆக நிகர விலை 100.30, மொத்தம் 20,060 ரூபாய். இதில் 60 ரூபாய் தரகு என்று நாமே பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். விற்கும்போது நிகர விலை 99.70 ஆகக் குறைந்து நிற்கும். சில தரகர்கள் ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தரகு வைத்திருப்பார்கள். சின்னத் தொகைக்கு வாங்குபவர்களை அதுதான் அதிகம் கடிக்கும். அதனால் கணக்குத் தொடங்கும்போது கொடுத்த கட்டணப் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள்.

3. கீழே உள்ள அரசு, பங்குச்சந்தைக் கட்டணங்கள்

இவை எல்லாத் தரகரிடமும் ஒரே அளவுதான். டெலிவரிக்கு எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், 20 ரூபாய். வாங்கும்போதும் விற்கும்போதும் உண்டு. முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 3 ரூபாய். இது வாங்கும்போது மட்டும். வாங்குபவர் சென்னைவாசி என்றால் இந்தப் பணம் தமிழக அரசுக்குப் போகிறது. பங்குச்சந்தையான என்எஸ்இயின் பரிவர்த்தனைக் கட்டணம் 59 காசு, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கட்டணம் 2 காசு.

ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆனால் பங்கின் மதிப்புக்கு இல்லை. தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம் மூன்றையும் கூட்டி அதற்கு மட்டும். எக்செல்லில் இந்த மூன்றையும் B1 முதல் B3 வரை போட்டு இப்படிச் சரிபார்க்கலாம்:

```
=ROUND(SUM(B1:B3)*18%,2)
```

10.91 ரூபாய் வரும். இது 9, 9 சதவீதமாக இரண்டு வரிகளாகவோ, ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாகவோ இருக்கலாம். தொகை ஒன்றுதான். எல்லாம் சேர்த்துச் செலவு 94.52. செலுத்த வேண்டியது 20,094.52.

4. லெட்ஜரைத் திறங்கள்

தரகரிடம் உங்கள் பணத்தின் வரவும் பற்றும் பதிவாகும் கணக்கேடுதான் லெட்ஜர். சித்தப்பாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. உங்கள் பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கின் ஆண்டுக் கட்டணம் ஒரு குறிப்பிட்ட வர்த்தகத்துக்கு உரியது இல்லை. அதனால் அதை நோட்டில் தேடாமல் லெட்ஜரில் தேடுங்கள். 300 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்றால் ஜிஎஸ்டியோடு 354 பற்றாகும். சிலர் காலாண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பிடிப்பார்கள், அப்போது சின்னத் தொகையாக இருப்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். விற்ற பங்கு டீமேட்டிலிருந்து வெளியேறுவதற்காகப் பிடிக்கும் டிபி கட்டணத்துக்கும் இதே கதிதான். அது எண்ணிக்கையைப் பார்க்காது. ஒரு நிறுவனத்தின் 1 பங்கை விற்றாலும் 500 விற்றாலும் அன்றைக்கு ஒரே கட்டணம். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் விற்காதீர்கள்.

ஆப் காட்டும் கட்டணச் சுருக்கத்தை நான் நம்புவதில்லை. லெட்ஜரை எக்செல்லாக இறக்கித் தேதிவாரியாகப் பாருங்கள்.

5. ஆண்டுக் கட்டணத்தையே தவிர்க்க முடியுமா?

முடியும். அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு, அதாவது பிஎஸ்டிஏ, இருக்கிறது. 2024 செப்டம்பர் முதல், கணக்கிலுள்ள மதிப்பு 4 லட்சம் வரை ஆண்டுக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 100 ரூபாய். தரகருக்கு மின்னஞ்சல் அனுப்பி, என் கணக்கு இதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை: "மதிப்பு 1 லட்சம்கூட இல்லை, ஆனாலும் மறுத்துவிட்டார்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எந்தத் தரகரிடமாக இருந்தாலும், முதல் பெயரில் உங்களுக்கு ஒரே ஒரு டீமேட் கணக்கு இருந்தால்தான் இந்தச் சலுகை. அவருக்கு வேலையில் சேர்ந்த காலத்துப் பழைய கணக்கு ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் அமைப்புகளான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையில் உங்கள் பான் எண்ணில் உள்ள கணக்குகள் தெரியும். பழையதில் பங்கு இருந்தால் புதியதற்கு மாற்றிவிட்டு, அதை மூடச் சொல்லி, அதன்பின் மறுபடி கேளுங்கள்.