மாணவர் காயமடைந்தால் எழுதும் அறிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி வளாகத்தில் மாணவர் காயமடைந்ததைப் பற்றிப் பெற்றோருக்குத் தரும் அறிக்கையில் நேரும் பெருந்தவறு, யாரும் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதிவிடுவதுதான். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலை இடைவேளையில் குடிநீர்க் குழாயருகே விழுந்து நெற்றியில் அடிபட்டதாக வைத்துக்கொள்வோம். "கவனக்குறைவாக ஓடியதால் வழுக்கி விழுந்தான்" என்று எழுதினால், அவன் விழுந்ததை எந்த ஆசிரியரும் நேரில் காணாத நிலையில், கவனக்குறைவு, ஓட்டம், வழுக்கல் ஆகிய மூன்றுமே ஊகமாகிவிடுகின்றன. அதையே பின்வருமாறு எழுதலாம்.

"காலை 10.50 மணியளவில் குடிநீர்க் குழாயருகே மாணவன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை, இடைவேளைப் பொறுப்பிலிருந்த ஆசிரியர் கண்டார். அவ்விடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஓடி வந்தபோது கால் வழுக்கியதாக மாணவன் கூறினான்."

இதில் ஆசிரியர் கண்டது எது, மாணவன் சொன்னது எது என்பது தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. பள்ளியின் மேல் பழி வரும் என்று அஞ்சி ஈரத் தரையைக் குறிப்பிடாமல் விடுவது கூடவே கூடாது. அன்று மாலையே பிள்ளை வீட்டில் அதைச் சொல்லிவிடுவான், அதன்பின் அறிக்கையின் மற்ற வரிகளையும் பெற்றோர் நம்பமாட்டார்கள்.

"லேசான காயம், பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதுவது ஆறுதலாகத் தோன்றினாலும் ஆபத்தானது. தலையில் அடிபட்டால் வாந்தி, அதிகத் தூக்கம், குழப்பம் போன்ற அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும் என்பதால், அந்த வரியை நம்பிப் பெற்றோர் அசட்டையாக இருந்துவிட நேரலாம். "இடப்புற நெற்றியில் சுமார் 2 செ.மீ. நீளக் காயம்; ரத்தம் கசிந்தது; 11.20 மணி வரை வாந்தியோ மயக்கமோ இல்லை" என்று கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி, இந்த அறிகுறிகள் எதுவும் தோன்றினால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு சேர்க்க வேண்டும்.

"உடனடியாகத் தகவல் தெரிவிக்கப்பட்டது" என்ற வரிதான் பெரும்பாலும் சச்சரவைக் கிளப்புகிறது. 10.55-க்குச் சுத்தமான துணியால் காயத்தை அழுத்தி முதலுதவி செய்யப்பட்டது, 11.00 மணிக்குத் தந்தையை அழைத்தபோது அவர் எடுக்கவில்லை, 11.05-க்குத் தாயிடம் பேசப்பட்டது என்று, பலிக்காத அழைப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வேறொரு மாணவன் தள்ளியதாகச் சொல்லப்பட்டால், பெற்றோருக்குத் தரும் நகலில் அவன் பெயரோ, அவனை அடையாளம் காட்டும் குறிப்போ இடம்பெறக் கூடாது. "உடன் படிக்கும் மாணவர் ஒருவர்" என்பதே போதும், பெயர் பள்ளியின் உள்பதிவில் இருக்கட்டும்.

கையொப்பமிட்ட அறிக்கையை மையால் அழித்தோ, வேறு தாளில் புதிதாக எழுதியோ மாற்றக் கூடாது. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியுடன் கையொப்பமிட வேண்டும். நெற்றியில் தையல் போடப்பட்டதாக மறுநாள் தெரியவந்தால், யார் மூலம் தெரிந்தது என்பதுடன் அந்தத் தேதியிட்ட பிற்சேர்க்கையாக எழுதி, அதன் நகலையும் பெற்றோருக்குத் தர வேண்டும்.